பொதுக் கணினியில் வாட்ஸ்அப் வெப்: வெளியேற மறந்துவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: அலுவலகத்தில் ஒரே கணினியை மூன்று பேர் மாறி மாறிப் பயன்படுத்துகிறோம். கோப்புகள் அனுப்புவதற்காக அதில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தேன். நேற்று மாலை லாக் அவுட் செய்யாமல் கணினியை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டிலிருந்தே அதை நிறுத்த முடியுமா? இனி தினமும் பாதுகாப்பாகப் பயன்படுத்த என்ன வழி?

பதில்: முடியும். அந்தக் கணினி இப்போது அணைந்திருந்தாலும் பரவாயில்லை. உங்கள் கைப்பேசியில் இணையம் இருந்தால் போதும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே வலது மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, "Linked devices" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் இதே பகுதி அமைப்புகளுக்குள் இருக்கும். இணைக்கப்பட்டுள்ள ஒவ்வொரு சாதனமும் அங்கே, உலாவியின் பெயரோடும் இயங்குதளத்தின் பெயரோடும் தனித்தனி வரியாகத் தெரியும்.

உடனே வெளியேற்றிவிடாமல், முதலில் அந்த வரியின் கீழே "Last active" என்று காட்டப்படும் நேரத்தைப் படித்துப் பாருங்கள். நீங்கள் மாலை ஆறு மணிக்குக் கிளம்பியிருக்க, அங்கே இன்று காலை ஒன்பது மணி என்று இருந்தால், உங்களுக்குப் பின் யாரோ அந்த உலாவியைத் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். முன்பு திறந்திருந்த பக்கங்களை உலாவி தானாகவே மீண்டும் திறந்தாலும் இந்த நேரம் புதுப்பிக்கப்படும் என்பதால், இதை வைத்து மட்டும் யாரோ உங்கள் உரையாடல்களைப் படித்தார் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் சாதனத்தை நீக்கியபின் இந்தத் தகவலும் மறைந்துவிடும். தேவைப்படும் என்று தோன்றினால் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த வரியைத் தொட்டு "Log out" கொடுங்கள். பட்டியலில் உங்களுக்கு அடையாளம் தெரியாத வேறு சாதனம் எதுவும் இருந்தால் அதையும் சேர்த்தே நீக்கிவிடுங்கள்.

இதன் பின்னணியில் நடப்பது இதுதான். வாட்ஸ்அப் வெப்பில் நீங்கள் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தவுடன், அந்த உலாவி உங்கள் கணக்கின் ஒரு துணைச் சாதனமாகப் பதிவாகிறது. அதற்கான மறைகுறியாக்கச் சாவிகளும் அண்மைக்கால உரையாடல்களும் உலாவியின் சேமிப்பிலேயே தங்கிவிடுகின்றன. தாவலை மூடுவதோ கணினியை அணைப்பதோ இவற்றை அழிப்பதில்லை. கைப்பேசி அணைந்திருந்தாலும் அந்த உலாவியில் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கும். நீங்கள் கைப்பேசியிலிருந்து வெளியேற்றும்போது, வாட்ஸ்அப்பின் வழங்கிக் கணினி அந்தச் சாதனத்தை உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. அடுத்த முறை அந்த உலாவி இணைய முயலும்போது அனுமதி மறுக்கப்பட்டு, மீண்டும் கியூஆர் குறியீட்டுப் பக்கத்துக்கே வந்து நிற்கும். "இணைய முயலும்போது" என்பதைக் கவனியுங்கள். இணையத் தொடர்பே இல்லாத நிலையில் அந்தப் பக்கத்தை ஒருவர் திறந்தால், ஏற்கெனவே சேமிக்கப்பட்ட பழைய உரையாடல்கள் கண்ணில் படும் வாய்ப்பு உண்டு. ஆகவே நாளை அலுவலகம் போனதும் முதல் வேலையாக web.whatsapp.com பக்கத்தைத் திறந்து, கியூஆர் குறியீடு மட்டுமே தெரிகிறதா என்று நேரில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கைப்பேசியை 14 நாள்களுக்கு மேல் பயன்படுத்தாவிட்டால் துணைச் சாதனங்கள் தாமாகவே துண்டிக்கப்படும் என்றொரு விதி இருக்கிறது. கைப்பேசியைத் தினமும் கையில் வைத்திருப்பவருக்கு அது ஒருபோதும் உதவிக்கு வராது.

இனி, அன்றாடப் பயன்பாடு. கணினியில் மூன்று பேருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லும் அமைத்துவிடுவதுதான் என்னைக் கேட்டால் சரியான தீர்வு. அப்படி அமைத்தால் உங்கள் உலாவியின் சேமிப்பு உங்கள் கணக்குக்குள்ளேயே இருக்கும். இடத்தை விட்டு எழும்போது விண்டோஸ் விசையையும் L விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டினால் போதும். கணினியின் நிர்வாகி அனுமதி உள்ளவர் இதையும் தாண்டலாம் என்றாலும், அடுத்த முறை வந்து உட்காரும் சக ஊழியர் தற்செயலாகப் பார்த்துவிடுவது நின்றுவிடும்.

அதற்கு வழியில்லாமல் மூவரும் ஒரே கணக்கில்தான் வேலை செய்ய வேண்டுமென்றால், மறைநிலைச் சாளரத்தைப் பயன்படுத்துங்கள். குரோமிலும் எட்ஜிலும் Ctrl+Shift+N, பயர்பாக்ஸில் Ctrl+Shift+P. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பலர் கைபட்ட கணினியில் புத்தகக்குறியையோ தேடல் முடிவையோ நம்பிக் குறியீட்டை ஸ்கேன் செய்யாதீர்கள், ஏனெனில் போலிப் பக்கம் காட்டும் குறியீட்டை ஸ்கேன் செய்தால், வேறெங்கோ இருப்பவரின் கணினி உங்கள் கணக்கோடு இணைந்துவிடும். குறியீட்டுக்கு அருகில் "Stay logged in on this browser" என்ற தெரிவுப்பெட்டி தென்பட்டால், ஸ்கேன் செய்வதற்கு முன்பே அதிலுள்ள குறியை நீக்கிவிடுங்கள். உலாவி அறிவிப்புக்கு அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். இல்லையெனில் வந்த செய்தியின் முதல் வரி திரையின் மூலையில் எல்லோர் கண்ணிலும் படும்.

மறைநிலைச் சாளரத்தில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. திறந்திருக்கும் மறைநிலைச் சாளரங்கள் அனைத்தும் மூடப்பட்ட பிறகே சேமிப்பு அழியும். வாட்ஸ்அப் இருந்த சாளரத்தை மூடிவிட்டு, பணிப்பட்டையில் சிறிதாக்கி வைத்த இன்னொரு மறைநிலைச் சாளரத்தை மறந்துவிட்டால், அடுத்தவர் அதில் முகவரியைத் தட்டியதும் உங்கள் உரையாடல்கள் அப்படியே திறந்துகொள்ளும். எனவே முதலில் வாட்ஸ்அப் வெப்பின் மெனுவிலிருந்து முறைப்படி வெளியேறி, அதன்பின் சாளரங்களை மூடுங்கள். வெளியேறாமல் மூடினால் கணினியில் சாவி அழிந்துவிட்டாலும் கைப்பேசிப் பட்டியலில் அந்தப் பதிவு தங்கிவிடும். கைப்பேசியைத் தவிர நான்கு சாதனங்களுக்குத்தான் இடம் என்பதால், இப்படிச் செத்த பதிவுகள் சேர்ந்து ஒருநாள் புதிதாக இணைக்கவே முடியாமல் போகும்.

பகலில் சற்று நேரம் எழுந்து செல்வதற்கு, வாட்ஸ்அப் வெப்பின் அமைப்புகளில் "Privacy" பகுதியில் "App lock" இருக்கிறது. கடவுச்சொல் ஒன்றை அமைத்து, தானாகப் பூட்டும் நேரத்தை ஒரு நிமிடம் என்று வையுங்கள். கியூஆர் முறையில் இணையும்போது நீங்கள் எதையும் தட்டச்சு செய்வதில்லை. ஆனால் இந்தப் பூட்டின் கடவுச்சொல்லைப் பொது விசைப்பலகையில்தான் தட்டப்போகிறீர்கள், கணினியில் விசைப்பதிவு நிரல் ஏதும் இருந்தால் அது பதிவாகிவிடும். ஆகவே மின்னஞ்சலுக்கோ வங்கிக்கோ பயன்படுத்தும் சொல்லை இதற்கு வைக்காதீர்கள். மறந்துவிட்டால் வெளியேறி மீண்டும் ஸ்கேன் செய்துகொள்ளலாம், இழப்பு ஒன்றுமில்லை.

தொலைவிலிருந்து நீங்கள் செய்யும் எந்த வெளியேற்றமும் தொடாத ஒன்று, பதிவிறக்கிய கோப்புகள். மறைநிலைச் சாளரத்தில் இறக்கியிருந்தாலும் அவை "Downloads" கோப்புறையிலேயே கிடக்கும். உலாவியில் Ctrl+J அழுத்தித் தோன்றும் பட்டியலிலிருந்து நீக்கினால் பெயர் மட்டும் மறைந்து கோப்பு தங்கிவிடக்கூடும். அதனால் கோப்புறையைத் திறந்து, உங்களுடையவற்றைத் தேர்ந்தெடுத்து Shift+Delete கொடுங்கள். நேற்று நீங்கள் இறக்கியவை இன்னும் அங்கேதான் இருக்கும். நாளை கியூஆர் பக்கத்தைச் சரிபார்த்த கையோடு அதையும் முடித்துவிடுங்கள்.