தம்பிக்குக் குரல் கேட்கிறது: காத்திருக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. இரண்டு மாதமாக அறையை விட்டு வருவதில்லை, இரவில் தூங்குவதில்லை. பக்கத்து வீட்டார் சுவருக்கு அப்பால் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், போனை உளவு பார்க்கிறார்கள் என்கிறான். 'அப்படி ஒன்றும் இல்லை' என்று சொன்னால் சண்டைதான். தேர்வு பயம், போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார் அப்பா. காத்திருக்கலாமா டாக்டர்?

பதில்: காத்திருக்க வேண்டாம். இந்த வாரத்திலேயே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். தேர்வு பயத்தில் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். இரண்டு மாதமாகச் சுவருக்கு அப்பாலிருந்து குரல் கேட்பதற்குத் தேர்வு பயம் மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

நீங்கள் சொல்வது, எது நிஜம், எது நிஜமில்லை என்று பிரித்தறிய முடியாமல் போகும் சைக்கோசிஸ் என்ற நிலையின் முதல் வருகைபோல் இருக்கிறது. பதின்வயதின் முடிவிலிருந்து முப்பது வயதுக்குள்தான் இது பெரும்பாலும் தொடங்கும். மனச்சிதைவு நோய்தான் என்று இப்போதே முடிவுகட்டிவிடாதீர்கள். இருமுனைக் கோளாறு, கடுமையான மனச்சோர்வு, கஞ்சா, சில உடல் நோய்கள் ஆகியவற்றாலும் இது வரலாம்.

அவனுக்குக் கேட்கும் குரலுக்குப் பிரமை என்று பெயர். அவன் கற்பனை செய்து சொல்லவில்லை. குரல் கேட்கும் நேரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதிகள் இயங்குவது தெரிந்திருக்கிறது. வெளியே யாரும் பேசவில்லை, ஆனால் அவனுக்கு அது நிஜமான குரல்.

போனை உளவு பார்க்கிறார்கள் என்பது மருட்சி. ஆதாரம் இல்லாமலேயே அசைக்க முடியாமல் நிற்கும் நம்பிக்கை. நம்மைச் சுற்றி நடப்பவற்றில் எதைக் கவனிக்க வேண்டும் என்று குறிபோட்டுக் காட்டுவதில் டோபமைன் என்ற மூளை ரசாயனத்துக்குப் பங்கு உண்டு. அது தாறுமாறாகச் சுரந்தால், யாரோ இருமியது, போன் மினுங்கியது எல்லாமே தனக்கான சேதியாகத் தோன்றும். அதற்கு மனம் தேடிக்கொள்ளும் விளக்கம்தான் இந்த உளவுக் கதை. அதனால்தான் உங்கள் வாதம் எடுபடவில்லை. வாதம் முற்றினால் நீங்களும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டதாக அவன் நினைக்கக்கூடும். அதற்காக ஆமாம் என்று ஒத்துப் பேசவும் வேண்டாம். 'எனக்கு அது கேட்கவில்லை. உனக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறேன். நீ பயந்து போயிருக்கிறாய்' என்று சொல்லுங்கள், போதும்.

என்னிடம் வந்த 23 வயதுப் பெண் ஒருவரின் வீட்டில் ஏழு மாதம் இப்படி வாதாடியே கழிந்தது. தண்ணீரில் விஷம் கலக்கிறார்கள் என்று நம்பினார். கடைசியில் அவருடைய அம்மா விஷத்தைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டு, 'நாலு நாளாக நீ தூங்கவே இல்லை. தூக்கத்துக்காவது டாக்டரைப் பார்ப்போம்' என்றார். மகள் உடனே கிளம்பி வந்தார். இரவில் 1 மில்லிகிராம் ரிஸ்பெரிடோன் தொடங்கி, பிறகு 2 ஆக்கினேன். முதல் வாரத்தில் தூக்கம் வந்தது, பயம் தணிந்தது. மூன்றாம் வாரத்தில் அவருக்குக் கேட்டுவந்த குரல் தூரத்து ரேடியோபோல் மங்கியது. ஆறாம் வாரத்தில், 'ஒருவேளை அப்படி இல்லையோ' என்றார்.

மருந்து ஆறு வாரத்தில் வேலை செய்துவிட்டது. ஆனால் அந்த ஏழு மாதத்தில் வேலை போயிருந்தது, தோழிகள் விலகியிருந்தார்கள். அதையெல்லாம் மீட்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சீக்கிரம் வாருங்கள் என்று நாங்கள் மன்றாடுவது இதனால்தான். சிகிச்சை இல்லாமல் கழியும் காலம் நீள நீள, மருந்துக்கு நோய் கட்டுப்படுவதும் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

முதல் சந்திப்பில் தம்பியிடம் தனியாகப் பேசுவார்கள், ரத்தப் பரிசோதனை செய்வார்கள், கஞ்சா பழக்கம் உண்டா என்று கேட்பார்கள். அவன் ஒப்புக்கொண்டால் திட்டாதீர்கள். அந்தத் தகவல் எங்களுக்குத் தேவை. மருந்தால் உடல் இறுக்கம், நிலைகொள்ளாத தவிப்பு, எடை கூடுதல் வந்தால் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றலாம். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் குணமான பிறகும் ஒன்றிரண்டு வருடம் தொடர வேண்டியிருக்கும். பாதியில் விட்டவர்களில் நிறையப் பேர் மறுபடி அதே நிலையில் வருகிறார்கள்.

காய்ச்சல், வலிப்பு, ஆட்களை அடையாளம் தெரியாத குழப்பம் இருந்தால் அவசரப் பிரிவுக்கே போங்கள். அது மூளைத் தொற்று போன்ற உடல் நோயாக இருக்கலாம். குரல்கள் 'செத்துப் போ', 'அவனை அடி' என்று ஏவினாலும், சாப்பாடு தண்ணீரை அடியோடு விட்டாலும் அன்றைக்கே போக வேண்டும்.

அவன் வர மறுத்தால், எப்போது என்ன தொடங்கியது என்று தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு நீங்களும் அப்பாவும் மட்டும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அவனை எப்படி அழைத்து வருவது என்பதை அங்கே சேர்ந்து முடிவு செய்யலாம்.