எழுத்து எறும்பாகவும் வேண்டாம், மங்கலாகவும் வேண்டாம்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் மாலை நேரக் கணினி வகுப்பு நடத்துகிறேன். மாணவர்களுக்காக ஏ5 அளவில் ஒரு கையேடு தயாரிக்கிறேன். பிரௌசரில் திறக்கும் தமிழ்ப் பக்கங்களைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருக்கிறேன். முழுத்திரையைப் போட்டால் எழுத்து எறும்பாகத் தெரிகிறது, வேண்டிய இடத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் மங்கிவிடுகிறது. பிரஸ்ஸில் 300 டிபிஐ கேட்டார்கள், ஃபோட்டோஷாப்பில் 300 என்று மாற்றியும் கொடுத்துப் பார்த்துவிட்டேன். என் லேப்டாப் திரை 1366 × 768. எந்த ரெசல்யூஷனில் எடுக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த 300ஐக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். ஸ்கிரீன்ஷாட்டுக்கு என்று சொந்தமாக டிபிஐ கிடையாது. அதில் இருப்பது பிக்சல்கள் மட்டும்தான். அவற்றைத் தாளில் எத்தனை அங்குலத்தில் பரப்புகிறீர்கள் என்பதுதான் கணக்கு. பிக்சலை அங்குலத்தால் வகுத்தால் வருவதே பிரஸ்காரர் கேட்கும் எண்.

உங்கள் கையேட்டையே எடுத்துக்கொள்வோம். ஏ5 தாளின் அகலம் 14.8 செ.மீ. இரு பக்கமும் ஓரம் விட்டால் படத்துக்கு 12 செ.மீ. கிடைக்கும், அதாவது ஏறத்தாழ 4.7 அங்குலம். முழுத்திரையின் 1366 பிக்சல் அதற்குள் அடங்கும்போது அங்குலத்துக்கு 290 வருகிறது. பிரஸ்காரர் கேட்டது அநேகமாக வந்துவிட்டது! ஆனால் திரையில் 16 பிக்சல் இருந்த எழுத்து, தாளில் 4 பாயின்ட்டாகச் சுருங்கிவிடும். மருந்து அட்டையின் பின்புற எழுத்து மாதிரி. கூர்மையாகத்தான் இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை.

சரி என்று நடுவில் 500 பிக்சல் அகலத்துக்கு மட்டும் வெட்டி அதே 12 செ.மீ.க்கு இழுக்கிறீர்கள். எழுத்து 11 பாயின்ட்டாகி, படிக்கும் அளவுக்கு வந்துவிடும். ஆனால் அங்குலத்துக்கு 106 பிக்சல்தான். ஆங்கில எழுத்தாவது ஒப்பேற்றிவிடும், தமிழ் ஒப்பேற்றாது. 16 பிக்சல் உயரத்துக்குள் ‘ண’வின் சுழிகளும் ‘ற்’றின் புள்ளியும் அடங்க வேண்டுமே. திரையில் அவை ஏற்கெனவே சாம்பல் நிறப் புள்ளிகளால் ஒப்பனை செய்யப்பட்டவை. தாளில் பெரிதாக்கினால் அந்த ஒப்பனைதான் பெரிதாகும், சுழி பெரிதாகாது.

ஃபோட்டோஷாப்பில் நீங்கள் 300 என்று மாற்றியபோது நடந்தது இதுதான்: Image Size பெட்டியில் Resample டிக் ஆகியிருந்தால், 96 என்ற குறிப்போடு வந்த 500 பிக்சல் படத்தை அது 1,500 சொச்சம் பிக்சலாக ஊதிவிடும். கூடுதலாக வந்த பிக்சல்கள் எல்லாம் பக்கத்துப் பிக்சலைப் பார்த்து ஊகித்துப் பூசியவை. அந்த டிக்கை எடுத்துவிட்டு மாற்றினால் பிக்சல் அப்படியே நிற்கும், படத்தின் அகலம் மட்டும் 4 செ.மீ. சொச்சமாகக் குறையும். அதுதான் படத்தின் உண்மையான தகுதி. நானும் முதல் கையேட்டில் இப்படி 300 என்று தட்டச்சு செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவன்தான்.

ஆக, பிக்சலைப் பின்னால் கூட்ட வழியில்லை. எடுக்கும்போதே எழுத்து அதிக பிக்சலில் வரையப்பட வேண்டும். பிரௌசர் பக்கம் என்பதால் உங்களுக்கு இது சுலபம்.

எளிய வழி, Ctrl-ஐ அழுத்திக்கொண்டு + தட்டிப் பக்கத்தை 200 சதவீதத்துக்குக் கொண்டுபோவது. 16 பிக்சல் எழுத்து 32 பிக்சலில் புதிதாக வரையப்படும், அதாவது ஊதப்படாது. இப்போது முழு அகலத்தையும் 12 செ.மீ.யில் போட்டால் அங்குலத்துக்கு அதே 290தான், ஆனால் எழுத்து 8 பாயின்ட். கையேட்டுக்குப் போதும். ஒரு தொல்லை உண்டு. பல தளங்கள் இவ்வளவு பெரிதாக்கினால் தங்களை மொபைல் என்று நினைத்துக்கொண்டு மெனுவை மூன்று கோடுகளுக்குள் சுருட்டிவிடும். மாணவர் தம் திரையில் பார்ப்பது ஒன்று, உங்கள் படத்தில் இருப்பது வேறு என்றாகிவிடும்.

அப்படி ஆகும் பக்கங்களுக்கு ஃபயர்பாக்ஸ்தான் கைகொடுக்கும். பக்கத்தை வழக்கமான அளவிலேயே வைத்துக்கொண்டு Ctrl+Shift+K அழுத்துங்கள். திறக்கும் கன்சோலில் இதைக் கையாலேயே தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள்:

```
:screenshot --dpr 3 --fullpage
```

பக்கத்தின் அமைப்பு மாறாது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் மும்மடங்கு பிக்சலில் வரையப்பட்டு, பிஎன்ஜி கோப்பாக டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விழும். முன்பு 500 பிக்சலாக வெட்டிய அதே பகுதி இதில் 1,500 பிக்சல். 12 செ.மீ.யில் போட்டால் அங்குலத்துக்கு 318, எழுத்தும் அதே 11 பாயின்ட். உங்கள் இரண்டு குறையும் ஒரே அடியில் தீர்கிறது. பக்கத்தில் இருக்கும் புகைப்படங்களும் பழைய லோகோக்களும் மட்டும் இதனால் தெளிவடையாது. அவற்றின் மூலக்கோப்பில் இல்லாத பிக்சலை ஃபயர்பாக்ஸ் எங்கிருந்து கொண்டுவரும்?

பிரௌசருக்கு வெளியே ஓடும் மென்பொருள் என்றால் இந்த வழி செல்லாது. யாரிடமாவது 4கே மானிட்டர் இருந்தால், விண்டோஸ் Display அமைப்பில் Scale-ஐ 200 சதவீதம் வைத்து அங்கே எடுங்கள். பழைய மென்பொருள்கள் சில அதிலும் மங்கலாகவே வரும், அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. மொபைல் ஸ்கிரீன்ஷாட் பற்றிக் கவலையே வேண்டாம். 1080 பிக்சல் அகலப் படத்தை 5 செ.மீ.யில் போட்டால் அங்குலத்துக்கு 500க்கு மேல் இருக்கும்.

திரும்ப எடுக்கவே முடியாத பழைய படம் இருந்தால், Resample பட்டியலில் Nearest Neighbor தேர்ந்தெடுத்து சரியாக 300 சதவீதம் பெரிதாக்குங்கள். 250, 310 என்று வைத்தால் சில பிக்சல் தடித்தும் சில மெலிந்தும் போகும். எழுத்தின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும்தான். ஆனாலும் மங்கலைவிடப் படிக்கட்டு மேல் என்பது என் கட்சி.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படம் பாழாவது பெரும்பாலும் வழியில்தான். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும், எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி புள்ளிகள் வரும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கையேட்டை வேர்டில் செய்கிறீர்கள் என்றால், படம் வைப்பதற்கு முன்பே File > Options > Advanced போய் Image Size and Quality என்ற பகுதியில் Do not compress images in file என்பதை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் சேமிக்கும்போது வேர்டு படத்தை அங்குலத்துக்கு 220 என்ற அளவுக்குச் சத்தமில்லாமல் குறைத்துவிடக்கூடும்.

மொத்தமாக அடிக்கக் கொடுக்கும் முன் ஒரே ஒரு பக்கத்தை, அளவை மாற்றாமல், லேசர் பிரின்டரில் எடுத்துப் பாருங்கள். பிரின்ட் பெட்டியில் Fit என்று இருந்தால் ஏ5 பக்கம் ஏ4 தாளுக்கு ஊதப்பட்டு உங்களை ஏமாற்றும், Actual size வையுங்கள். கையில் புத்தகம் பிடிக்கும் தூரத்தில் வைத்து ‘ன’வும் ‘ண’வும் வரும் ஒரு சொல்லைத் தேடுங்கள். சுழியை எண்ண முடிந்தால் பிரஸ்ஸுக்கு அனுப்பலாம்.