நான்காம் வாரத்தில் ஆர்வம் வடிவது ஏன்?

"புதிய மொழி ஒன்றைக் கற்கத் தொடங்கினேன். மூன்று வாரம் தினமும் படித்தேன். இப்போது ஆப்பைத் திறக்கவே மனம் வரவில்லை. ஏன் இப்படி, எப்படித் தொடர்வது?"

பெரும்பாலும் இது சோம்பல் அன்று, கணக்குக் கோளாறு. எந்த மொழியிலும் மிகுதியாகப் புழங்கும் சில நூறு சொற்கள் பக்கமெங்கும் கண்ணில் படுவதால் தொடக்கத்தில் முன்னேற்றம் பளிச்சென்று தெரிகிறது. அதன்பின் கற்கும் சொல் எப்போதாவதுதான் எதிர்ப்படும் என்பதால், அதே உழைப்பின் பலன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இதற்கிடையே மீள்பார்வைச் சுமையும் ஏறுகிறது. நினைவு அட்டைகளில் நாளுக்கு 20 புதிய சொற்களைச் சேர்ப்பவருக்கு, பழைய சொற்கள் இடைவெளி விட்டுத் திரும்பி வருவதால், ஒரு மாதத்திற்குள் தினமும் சுமார் 150 அட்டைகள் காத்திருக்கும். இரண்டு நாள் விட்டால் 400ஐத் தாண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் கை பின்வாங்குகிறது. நானும் அப்படி ஒருமுறை மொத்தத்தையும் அழித்திருக்கிறேன்.

எனவே புதிய சொற்களை உடனே பூஜ்ஜியமாக்குங்கள். நாளுக்கு 100 என்று வரம்பு வைத்து நிலுவையைக் கரையுங்கள். அன்றைய அட்டைகள் 20 நிமிடத்தில் முடியும் நிலை வந்த பிறகே, நாளுக்கு ஐந்தாறு புதிய சொற்களோடு மீண்டும் தொடங்குங்கள். மறுபடியும் நேரம் அரை மணியைத் தாண்டினால் சேர்ப்பது அதிகம் என்று பொருள்.

முன்னேற்றத்தைக் காண, ஒரே அளவும் கடினமும் கொண்ட புதுப் பக்கம் ஒன்றை மாதந்தோறும் வாசித்து, தெரியாத சொற்களின் எண்ணிக்கையை மட்டும் குறித்து வையுங்கள். வாரந்தோறும் அளந்தால் மாற்றம் தெரியாது.