ஆண்டு விழா மலர்: பக்கக் கணக்கு, நிகழ்ச்சி நிரல், விளம்பரம்

கேள்வி: பள்ளி ஆண்டு விழா மலர் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. ஏ5 அளவு, நடுவில் பின் அடிக்கிற புத்தகம். அட்டையையும் சேர்த்து 26 பக்கம் வருகிறது. 26 வராது, 24 அல்லது 28 ஆக்குங்கள் என்கிறார் அச்சகக்காரர். நிகழ்ச்சி நிரல் தினமும் மாறுகிறது, விளம்பரங்களும் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. விளம்பரம் பிடிப்பது முதல் அச்சடித்துக் கொடுப்பது வரை எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். அவரிடமே விட்டுவிடலாமா? பக்கங்களை எப்போது மூடுவது?

பதில்: 24-க்கு வாருங்கள். நிகழ்ச்சி நிரலை மலரிலிருந்து உருவி எடுத்துத் தனித்தாளாக அடியுங்கள், உங்கள் தலைவலியில் பாதி அதோடு போய்விடும். அந்த நபருக்கு அச்சு வேலையைக் கொடுப்பது உங்கள் இஷ்டம், ஆனால் விளம்பரப் பணம் அவர் கைக்குப் போகவே கூடாது.

அச்சகக்காரர் சொன்னது சரிதான். ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம், அதனால் பின் அடிக்கிற புத்தகம் நான்கு நான்காகத்தான் வளரும், நான்கு நான்காகத்தான் குறையும். ஆறு ஏ4 தாளை எடுத்து ஒன்றாக மடித்து, பேனாவால் 1 முதல் 24 வரை பக்க எண் போட்டுப் பாருங்கள். மேல் தாளை மட்டும் பிரித்தால் அதில் 1, 2, 23, 24 இருக்கும். அவைதான் முன்னட்டை, இரண்டு உள்ளட்டை, பின்னட்டை. நடுத் தாளின் உட்புறத்தில் 12-ம் 13-ம் அடுத்தடுத்து ஒரே தாளில் வரும். இந்த மாதிரிப் புத்தகம் மேசை மேல் கிடக்கட்டும், எந்தப் பக்கத்தில் எது என்று பென்சிலில் எழுதிக்கொண்டே வாருங்கள். கணினியில் பக்கம் போடுகிறவர் கேட்கிற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அதைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம்.

உங்கள் 26 பக்கத்தைப் பிரித்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: அட்டை 4, வாழ்த்துச் செய்திகள் 4, ஆண்டறிக்கை 3, நடிகர் பட்டியல் 7, நிகழ்ச்சி நிரல் 2, உள்ளே விளம்பரம் 6. நிரலின் இரண்டு பக்கத்தை எடுத்தால் சரியாக 24. 28-க்குப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். கூடுகிற பக்கங்களுக்குப் பணம் கட்டிய விளம்பரம் ஏற்கெனவே கையில் இருந்தால் போகலாம், 'வந்துவிடும்' என்ற நம்பிக்கையில் போகக் கூடாது. வராவிட்டால் அந்தப் பக்கங்களை நிரப்ப இன்னும் நான்கு வாழ்த்துச் செய்தி கேட்டு வாங்க வேண்டியிருக்கும், அந்த நான்கும் கடைசி நாள் வரை வராது. வாழ்த்துச் செய்திகளைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. ஒரே வாசகம், ஆளுக்கொரு புகைப்படம், ஆளுக்கொரு முழுப் பக்கம், அதற்காக நடித்த பிள்ளைகளின் பெயர்களைக் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் சுருக்குவார்கள். பக்கத்துக்கு இரண்டு செய்தி போட்டால் குடி முழுகிவிடாது. மிச்சமாகிற இரண்டு பக்கத்தையும் நடிகர் பட்டியலுக்குக் கொடுங்கள்.

நிரலைத் தனியாக எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். மலரில் இருக்கிற மற்ற எதுவும் கடைசி நேரத்தில் மாறாது, நிரல் மட்டும் கட்டாயம் மாறும். முதல் நடனத்தில் ஆடுகிற பிள்ளைகள் மூன்றாவது நாடகத்திலும் இருப்பார்கள், உடை மாற்ற நேரம் போதாது என்று ஒத்திகையில்தான் தெரியும், அன்று இரவே வரிசை மாறும். அதனால் மலரை விழாவுக்குப் பன்னிரண்டு நாள் முன்பே மூடிவிடுங்கள். நிரல் தாளை முழு ஒத்திகை முடிந்த பிறகு, விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மூடினால் போதும். மலரைவிடக் கொஞ்சம் சின்ன அளவில், 140 மில்லிமீட்டருக்கு 200 என்று வெட்டச் சொன்னால் உள்ளே வைக்கும்போது வெளியே துருத்தாது. கருப்பு வெள்ளையில் நகல் எடுத்தாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

இதில் ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. மலருக்குள் எங்கேயும் '7-வது நிகழ்ச்சி' என்று எண் வரக் கூடாது, நிகழ்ச்சியின் பெயர் மட்டும் இருக்கட்டும். மலரின் பக்க எண்ணை நிரல் தாளில் போடுங்கள்: 'அறுவடை நடனம், நான்காம் வகுப்பு, மலர் பக்கம் 9' என்பது போல. வரிசை எத்தனை முறை மாறினாலும் 9-ம் பக்கம் 9-ம் பக்கம்தான், பெற்றோர் புரட்டிப் பிள்ளையின் பெயரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நேரத்தையும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் போட வேண்டாம், தொடக்கமும் இடைவேளையும் போதும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். விழா முழுவதும் ஒரே நாடகம் அல்லது ஒரே நாட்டிய நாடகம் என்றால், காட்சிகளின் வரிசையைக் கதையே தீர்மானித்துவிடுகிறது. மூன்றாம் காட்சி முதல் காட்சிக்கு முன்னால் வராது. அப்போது காட்சி வரிசையை மலருக்குள்ளேயே, 12-13 நடுப்பக்கத்தில், கதைச் சுருக்கத்தோடு போடலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் அதே நாடகத்தை இரண்டு நாள் இரண்டு குழு நடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மலரில் இருக்கலாம், ஆனால் எந்த நாள் யார் ராஜா, யார் மந்திரி என்பது மறுபடியும் மாறக்கூடிய விஷயமாகிவிடுகிறது. மலரில் பாத்திரத்துக்கு நேராக இரண்டு பெயரையும் போட்டுவிட்டு, அன்றன்றைக்கு மேடையேறுகிறவர் யார் என்பதைத் தனித்தாளில் போடுங்கள். ஒரு குழுவின் பெயரை மட்டும் போட்டு, மறுநாள் அறிவிப்பில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால், இரண்டாம் நாள் நடிக்கிற பிள்ளையின் பெயர் அச்சில் எங்குமே இருக்காது. நாடகத்துக்கு நடுவே ஒரு குழுப் பாடலோ பரிசளிப்போ நுழைந்தாலும் இந்த விதிவிலக்கு செல்லாது, பழையபடி தனித்தாள்தான்.

நடிகர் பட்டியலைச் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். உடை தைக்கக் கொடுத்த கணக்கு இருக்கும் அல்லவா, அதை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அறுவடை நடனத்துக்கு 18 உடை, பட்டியலில் 17 பெயர் என்றால் ஒரு பிள்ளை விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் பாதியில் வேறொருவருக்குப் பதிலாகச் சேர்ந்த பிள்ளையாக இருக்கும். எண்ணிக்கை சரியான பிறகு வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிக்கட்டும். பெயர்கள் தட்டச்சு செய்தே வர வேண்டும், கையால் எழுதி எடுத்த படம் வேண்டாம். ஓர் எழுத்துருவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், 'கொ', 'ஸ்ரீ' வருகிற பெயர்களை அச்சுப்படியில் தனியாகப் பாருங்கள்.

இனி அந்த 'எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்' ஆள். புத்தகம் உங்களுக்கு இலவசம், விளம்பரத்தை நான் பிடித்துக்கொள்கிறேன் என்பதுதான் இவர்கள் வழக்கமாகச் சொல்வது. பள்ளியின் பெயரைச் சொல்லி இவர் எத்தனை பேரிடம் எவ்வளவு வாங்கினார் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. பின்னட்டை ஒன்றுதான், அதை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு ஒருவரை உள்ளே தள்ளியதை ஒரு பள்ளியில் கண்ணால் பார்த்திருக்கிறேன். பணம் கொடுத்தவர் வந்து சண்டை போட்டது தலைமையாசிரியரோடு, ஆள் அதற்குள் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். இது தெரிந்தும் பல நிர்வாகங்கள் வருடா வருடம் இப்படிப்பட்டவர்களையே கூப்பிடுகின்றன, உட்கார்ந்து கணக்குப் பார்க்க யாருக்கும் மனசில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. விளம்பரத்துக்குப் பள்ளியின் பெயரில் வரிசை எண் போட்ட படிவம் ஒன்று வையுங்கள். அதில் பக்க அளவு, எந்த இடம், மூடுகிற தேதி, பணம் பள்ளிக் கணக்குக்கு மட்டுமே என்ற வரி, இவ்வளவு போதும். அட்டைப் பக்கம் விற்றதும் உங்கள் மாதிரிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் பெயரைப் பேனாவால் எழுதிவிடுங்கள், அப்புறம் அதை யாரும் இரண்டாவது தடவை விற்க முடியாது. எதிரெதிர் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படமாக வேண்டும் என்று கேட்பவருக்கு 12-13 மட்டும் கொடுங்கள். மற்ற இடங்களில் இரண்டு பக்கமும் வெவ்வேறு தாளில் இருப்பதால் படம் நடுவில் ஒட்டாமல் விலகி நிற்கும்.

மூடிய பிறகு வருகிறவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நிரல் தாளின் பின்பக்கம் அவருக்காகவே காலியாக இருக்கிறது. உண்மையில் விழாவன்று மக்கள் அதிகம் பார்க்கிற தாளே அதுதான், இதைச் சொன்னால் பலர் சந்தோஷமாகவே ஒத்துக்கொள்வார்கள்.

விளம்பரப் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஏ5 முழுப் பக்கத்துக்குக் குறைந்தது 1750-க்கு 2480 பிக்சல் வேண்டும், கால் பக்கத்துக்கு அதில் நீளம் அகலம் இரண்டிலும் பாதி. கைபேசியில் பளிச்சென்று தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிஜ அளவில் தாளில் எடுத்துப் பார்த்தால் சின்ன எழுத்துகளின் ஓரம் பிசிறடிப்பது உடனே தெரியும்.

அதேபோல், கைபேசியில் பிடிஎஃப் அனுப்பி 'சரியென்று ஒரு வார்த்தை போடுங்கள்' என்று அவசரப்படுத்துவார்கள். போடாதீர்கள். நீங்கள் ஓகே சொன்ன நிமிடம் எல்லாப் பிழையும் உங்கள் பிழை. மடித்து, நிஜ அளவில் ஒரு மாதிரிப் படி கேளுங்கள், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, அதில் ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுகள் வந்து இறங்கும்போது ஒரு கட்டைப் பிரித்து எண்ணி, மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒவ்வொரு பிரதி எடுத்து அந்த நகலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீதிப் பணத்தை அதற்கு அப்புறம் கொடுத்தால் போதும்.