வெறும் 'ஹலோ' வந்தால் எப்படிப் படிப்பது? கேள்வி பதில்

மாட்டுத்தாவணி பக்கம் பார்சல் ஆபீஸ்ல வேலை. ஓனர் வாட்ஸ்அப்புல 'ஹலோ'னு மட்டும் போடுறார். கோபமா இருக்காரா?

அதை வைத்துச் சொல்ல முடியாது தம்பி. அது விஷயம் இல்லாத சொல், ஆளைக் கூப்பிடும் வெறும் அழைப்பு. அமெரிக்கச் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லாஃப் 1968இல் வெளியிட்ட கட்டுரைக்காகச் சுமார் 500 போன் பேச்சுகளின் தொடக்கத்தைப் பார்த்தார். எல்லாவற்றிலும் போனை எடுத்தவர்தான் முதலில் பேசுகிறார், ஒன்றே ஒன்றில் மாறிவிட்டது. போலீஸ் தரப்பிலிருந்து போன் போட்டவருக்கு மறுமுனையில் எடுத்த சத்தம் கேட்கிறது, ஆனால் ஒரு நொடி பேச்சில்லை. உடனே போட்டவரே 'ஹலோ' என்கிறார், அதற்கப்புறம்தான் எடுத்தவர் தன் அமைப்பின் பெயரைச் சொல்கிறார். ஷெக்லாஃப் சொன்ன விளக்கம் இதுதான்: மணியடிப்பது ஒரு அழைப்பு, அதற்குப் பதில் வராததால் அந்த 'ஹலோ' இன்னொரு தடவை அடித்த மணி.

உங்கள் ஓனர் போடுவதும் அந்த மணிதான். 'சொல்லுங்கண்ணே' என்று எழுதிவிட்டால் போதும், பேசவேண்டிய முறை அவருக்குப் போய்விடும். ஆனால் வழக்கமாக ஒரே வரியில் வேலையைச் சொல்கிற ஆள் திடீரென்று 'ஹலோ'வோடு நிறுத்தினாலோ, ஐந்து நிமிடத்துக்குள் இரண்டாவது தடவை போட்டாலோ, எழுதிக்கொண்டிருக்காமல் போன் போடுங்கள்.

தப்பு சார். அது மரியாதை. உசிலம்பட்டி பக்கம் பெரிய மனுஷர் வீட்டுக்குப் போனா வாசல்ல நின்னு கனைப்போம், அவுக 'என்னப்பா'னு கேட்ட பிறகுதான் வந்த காரியம்.

பாதி சரி ஐயா. அந்தக் கனைப்பும் அழைப்புதான், 'என்னப்பா' என்பது அதற்குப் பதில். ஆனால் வாசலில் அவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார், கையில் பத்திரிகை இருக்கிறதா, கண் கலங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அந்த முகம் இல்லை, 'என்ன' என்று கேட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அதுக்காக எடுத்த எடுப்புல 'பணம் வேணும்'னு எழுதச் சொல்றீகளா? நாக்கு வராது.

உங்கள் சங்கடம் புரிகிறது. 'வணக்கம்ண்ணே, ஒரு உதவி கேக்கணும், நேரம் இருக்கும்போது கூப்பிடுங்க' என்று எழுதலாமே. தொகையைச் சொல்ல வேண்டாம், எந்த மாதிரி விஷயம் என்று மட்டும் தெரிந்தால் போதும். இதுவும் மரியாதைக் குறைவு என்பீர்கள், அதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

தெரியாத நம்பர்லருந்து 'ஹலோ'?

பதில் போடாதீர்கள். போட்டால் இந்த நம்பரில் ஆள் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததாகும். ஏற்கெனவே பேசி ஏமாந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

எங்க மேனேஜர் 'ஹாய்' போடுறாங்க, கோபமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

எனக்குப் பேசும்போது நடுவுல 'ஹலோ ஹலோ'னு கேக்குது.

அது லைன் பிரச்சினை, சிக்னலைப் பாருங்கள்.

சென்னையில படிக்கிற பொண்ணு ராத்திரி 11 மணிக்கு 'அம்மா'னு மட்டும் அனுப்புச்சு. காலையில பாத்து 'என்னடி'ன்னேன், 'ஒண்ணுமில்ல'ன்னுட்டா.

அவள் கூப்பிட்டது ராத்திரி, நீங்கள் பதில் சொன்னது காலையில். சொல்ல நினைத்ததைச் சொல்லும் நேரம் அதற்குள் போயிருக்கலாம். அந்த 'ஒண்ணுமில்ல'யை முடிவாக எடுக்காதீர்கள். இன்று ராத்திரி அதே 11 மணிக்கு நீங்களே கூப்பிடுங்கள்.