செஸ்டினாவுக்கு எந்தச் சொற்களை மாற்றுவது?

"கிணறு, தென்னை, மஞ்சள், தறி, பாட்டி, சந்தை. இந்த ஆறையும் வச்சு செஸ்டினா எழுதுறேன், மூணாவது பத்தியிலேயே சொன்னதையே சொல்ற மாதிரி இருக்கு. எதை மாத்தணும்?"

செஸ்டினாவில் ஒரே ஆறு சொற்கள்தான் ஆறு பத்தியிலும் வரிசை மாறி மாறி வரிகளின் கடைசியில் நிற்கும். தறி, மஞ்சள் இரண்டும் இருக்கட்டும். மற்ற நான்கையும் எடுத்துவிட்டு படி, நூல், கட்டு, ஆறு என்று வைத்துப் பாருங்கள். பாட்டி வரிக்குள்ளேயே வரட்டுமே, கடைசியில் நிற்க வேண்டியதில்லை.

வெட்டு என்ற பொருளில் வரும் தறியைத் தவிர, நீங்கள் எடுத்த மற்ற ஐந்தும் வெறும் பெயர்கள், ஒன்றுகூட வினையாகத் திரும்பாது. தமிழில் வாக்கியம் பெரும்பாலும் வினையில்தான் முடியும் என்பதால், கிணறு கடைசியில் வரும்போதெல்லாம் "அதோ கிணறு" என்று காட்டுகிற ஒரே அமைப்புதான் கிடைக்கும்.

எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். அடுத்த பத்தியில் இந்தக் கடைசிச் சொற்களின் வரிசை 6-1-5-2-4-3, அதாவது ஒரு பத்தியின் கடைசிச் சொல்லே அடுத்ததன் முதல் வரியையும் முடிக்கும். அந்த இடத்தில்தான் சலிப்பு முதலில் தெரியும். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அடுத்தடுத்த இரண்டு வரி எழுதிப் பாருங்கள்:

ராகி அளக்கப் பாட்டி வைத்திருந்த படி

பேத்தியிடம் அவள் சொன்னது ஒன்றே: படி

அப்புறம் வாசற்படி, "சொன்னபடி" எல்லாம் மிச்சம் இருக்கிறது. இரண்டு வரியும் ஒரே பொருளில் நின்றுவிட்டால் அந்தச் சொல் ஆறு பத்தி தாங்காது.

ஆனால் ஆறுமே இப்படிப் புரண்டால் சிலேடை விளையாட்டாகிவிடும். தறியை எல்லாப் பத்தியிலும் தறியாகவே விடுங்கள். ஓடுகிற தறி, கரண்ட் போய் நின்ற தறி, எடைக்குப் போட்ட தறி என்று அதன் நிலை மட்டும் மாறட்டும்.