குழாயை மூடினால் மாதம் 3 அலகு மிச்சமா?

கேள்வி: சட்டி பானைக்குச் சவர்க்காரம் போடும்போது குழாயை மூடி வைத்தால் ஒரு நாளைக்கு 100 லீற்றர் தண்ணீர் மிச்சம் என்று ஒரு வீடியோ பார்த்தேன். நிமிடத்துக்கு 12 லீற்றர் என்று கணக்கும் எழுதிக் காட்டுகிறார். கடைசியில் குழாய் வாயில் மாட்டும் ஒரு வலை மூடியையும் 1,450 ரூபாவுக்கு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? பில் குறையுமா?
– வாசகி, உவர்மலை

பதில்: மூடியை இப்போதைக்கு வாங்க வேண்டாம். பழக்கம் நல்லது, ஆனால் 100 லீற்றர் உங்கள் வீட்டில் வராது என்றே நினைக்கிறேன்.

அந்தக் கணக்கு முழுக்க 12 என்ற எண்ணில் நிற்கிறது. நல்ல அழுத்தத்தில், குழாயை முழுதாகத் திறந்தால் நிமிடத்துக்கு 12 லீற்றர் வரும்தான். நம் வீடுகளில் பெரும்பாலும் கூரைக்கு மேலே உள்ள தாங்கியில் இருந்துதான் குசினிக்குத் தண்ணீர் இறங்குகிறது. மூன்று மீற்றர் உயரத் தாங்கி என்றால் அழுத்தம் ஏறக்குறைய 0.3 பார் மட்டுமே. ஒரு லீற்றர் போத்தலைக் குழாயடியில் பிடித்து, நிரம்ப எத்தனை செக்கன் ஆகிறது என்று ஃபோனில் பாருங்கள். 60-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று வந்துவிடும். எங்கள் வீட்டுக் குழாயில் 10 செக்கன் எடுத்தது, அதாவது 6 லீற்றர். வீடியோக்காரர் சொன்னதில் சரிபாதி.

மிச்சத்தை அளக்க மீற்றரை நம்பிப் போய் நான் ஒரு தடவை ஏமாந்தேன். தாங்கி உள்ள வீட்டில் மீற்றர் ஓடுவது மிதவை வால்வு திறந்து தாங்கி நிரம்பும்போதுதான். நீங்கள் கோப்பை கழுவும் நேரத்தில் அது அசையாமலே நிற்கலாம். அதனால் பேசினின் கழிவுக் குழாயைக் கழற்றிவிட்டு அடியில் 10 லீற்றர் வாளிகளை மாற்றி மாற்றி வைத்தேன். (வீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வைத்துக்கொள்ளட்டும்.) நாலு பேர் சாப்பிட்ட இரவுக் கோப்பைகளை வழக்கம்போலக் கழுவினால் 48 லீற்றர். அடுத்த இரவு, சவர்க்காரம் போடும்போது மூடிவைத்துக் கழுவினால் 27. மிச்சம் 21. பகலில் கோப்பைகள் குறைவு, 15 மிச்சமானது. ஆக ஒரு நாளைக்கு 36 லீற்றர், 30 நாளில் 1,080.

ஒரு அலகு என்பது 1,000 லீற்றர். அப்படிப் பார்த்தால் எங்கள் மிச்சம் மாதம் ஓர் அலகுக்குச் சற்று மேல். வீடியோ சொல்லும் 100 லீற்றர் வந்திருந்தால் 3 அலகு. அந்த ஓர் அலகு காசாக எவ்வளவு என்பது நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீர் வழங்கல் சபையின் வீட்டுக் கட்டணத்தில் அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் ஏறுகிறது, நீங்கள் மிச்சம் பிடிப்பது எப்போதும் கடைசியில் இருக்கும் விலை கூடிய அலகைத்தான். பில்லின் கடைசிப் படியில் என்ன விலை போட்டிருக்கிறது என்று பாருங்கள், அதுதான் உங்கள் இலாபம். 1,450 ரூபாவை அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை மாதத்தில் மூடியின் காசு திரும்பும் என்று ஓரளவு தெரியும், அதுவும் மூடியும் ஓர் அலகு மிச்சம் பிடித்தால்.

பிடிக்குமா என்பதில்தான் சந்தேகம். பெட்டியில் எழுதியிருக்கும் லீற்றர் அளவு பெரிய அழுத்தத்தில் சோதித்து எடுத்தது. நம் தாங்கித் தண்ணீருக்கு அதை மாட்டினால் நூல் போலத்தான் வரும். பானை நிரப்ப இரண்டு மடங்கு நேரம் நிற்க வேண்டும், நிரப்பும் தண்ணீரோ அதே அளவுதான். நான் வாங்கியதில் சில வாரங்களிலேயே சுண்ணாம்பு படிந்து வலை அடைத்தது. வினாகிரியில் ஊறப்போட்டுக் கழுவினேன், மறுபடி அடைத்தது. இன்னொன்று, மூடியைத் திருகி மாட்டக் குழாய் வாயில் புரி இருக்க வேண்டும். மழமழவென்று இருக்கும் பழைய பித்தளைக் குழாயில் அது நிற்காது. வேகம் குறைந்தால் போதும் என்றால் பேசினுக்குக் கீழே இருக்கும் சின்ன வால்வைப் பாதி திருகுங்கள். செலவில்லை.

நீங்கள் கிணற்றுத் தண்ணீர் பாவிக்கும் வீடு என்றால் பில் கணக்கே வேறு. நிமிடத்துக்கு 30 லீற்றர் இறைக்கும் மோட்டருக்கு 1,080 லீற்றர் என்பது 36 நிமிட வேலை. அரைக் குதிரைவலு மோட்டர் என்றால் மின்சாரம் அரை யூனிட்டைத் தாண்டாது. அங்கே பார்க்க வேண்டியது காசை அல்ல. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோர மணல் கிணறு வைத்திருப்பவர்களுக்கு, ஐப்பசி மழைக்கு முந்திய மாதங்களில் கூட இறைத்தால் தண்ணீர் உவர்க்கத் தொடங்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் போத்தல் 6 செக்கனுக்குள் நிரம்பினால் மட்டும் திரும்ப எழுதுங்கள். அப்போது மூடியைப் பற்றிப் பேசலாம்.